பச்சைக் கொழுந்துக்கு ஒரு முகம்

கெமரா வேலை செய்யவில்லை. ஜீவன் வயரைப் பிடுங்கினான், முனையை ஊதினான், மறுபடியும் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டியின் முதுகில் செருகினான். ஊதினால் எரிவதற்கு அது என்ன அடுப்பா? திரையில் அதே பதில்தான் வந்தது. கெமரா எதுவும் இணைக்கப்படவில்லையாம்.

"கந்தோர்க் கிளாக்கர் பொடியனோட லப்டொப்புல நல்லா வேலை செஞ்சிச்சே புள்ள," என்றான் மனைவி விஜயலெட்சுமியைப் பார்த்து.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டியதில்லை, கொழுந்தெடுக்கத் தேயிலை மலைக்கு ஏற வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து இந்தக் கெமராவோடுதான் மல்லுக்கட்டு. பின்னேரம் நாலு மணிக்கு இறுதிப் போட்டி. அதற்கு முன்னால் கெமராச் சோதனை. கெமரா இல்லாவிட்டால் சோதனை இல்லை, சோதனை இல்லாவிட்டால் போட்டி இல்லை.

போட்டியை நடத்துவது பதுளை கடைவீதியில் போன் கடையும் கேம் கடையும் சேர்த்து வைத்திருக்கும் நௌபர். ஜீவன் அவனுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அது என்ன கெமரா மச்சான்? பேர் இருக்கா?"

"பேரெல்லாம் இல்ல. சந்தையில வாங்கினது."

"அதான். அந்த மாதிரி மலிவு சாமான் படத்தச் சுருக்கித்தான் அனுப்பும். லப்டொப்பு அத விரிச்சு எடுத்துக்கும். எக்ஸ்பொக்ஸுக்கு அது ஏலாது. சுருக்காத படம் வேணும், என்வி ட்வெல்வ்னு சொல்லுவாங்க. டிரைவர் போட்டு ஓடுற கெமராவும் சரிவராது, கொன்சோல்ல எங்க போய் டிரைவர் போடுறது? விடு, என்கிட்ட ஓடுறது ஒண்ணு இருக்கு. லுணுகலை பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்புறேன். டவுன்ல நின்னு வாங்கிக்க."

ஜீவனுக்கு உயிர் வந்தது. விஜயலெட்சுமிக்கு வரவில்லை. கெமரா வராமலே போய்விட்டால் நல்லது என்று அவள் மனசின் ஒரு மூலை நினைத்துக்கொண்டிருந்தது உண்மை. ஏன் என்று சொல்லத்தானே வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டாரிலிருந்து ஜீவன் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது இரண்டே சாமான். ஒன்று த்ரீவீல் வாங்கப் போதுமான காசு, மற்றது இந்த எக்ஸ்பொக்ஸ். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்கு எக்ஸ்பொக்ஸ் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அவனோ த்ரீவீலுக்கு ஹயர் தேடி டவுனுக்கும் தோட்டத்துக்குமாக ஓடுவான், பெட்டி சும்மா கிடக்கும். மலையிலிருந்து வந்து, குளித்து, அடுப்பை மூட்டிவிட்டு, சோறு கொதிக்கிற நேரத்தில் விஜயலெட்சுமி அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சண்டை விளையாட்டைத் தட்டத் தொடங்கினாள். ஆளுக்கு ஆள் மோதுகிற விளையாட்டு. கண் இமைக்கும் நேரத்தில் நாலைந்து பட்டனை வரிசை பிசகாமல் அழுத்த வேண்டும். அவளுக்கு அது கை வந்தது. எப்படி என்று ஜீவன் ஒருநாள் கேட்டபோது அவள் தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொன்னாள்: "கொழுந்தப் பார்த்துக் கிள்ளக் கூடாதுங்க. கைதான் கிள்ளணும். கண்ணு அடுத்த கொப்புக்குப் போயிரணும். எங்கம்மா அப்படித்தான் பழக்கினாங்க."

அதை நெட்டில் நேரலையாக ஸ்ட்ரீம் பண்ணலாம் என்ற யோசனை ஜீவனுடையது. விளையாடும்போது அவளுக்குப் பேச்சு வராது, அவனுக்குப் பேசாமல் இருக்க வராது. ஆகவே ஹெட்செட் அவன் தலையில், கன்ட்ரோலர் அவள் கையில். ஹெட்செட் வயரைச் செருகும் இடம் கன்ட்ரோலரிலேயே இருப்பதால், அவன் தலைக்கும் அவள் கைக்கும் நடுவில் எப்போதும் ஒரு கயிறு மாதிரி அந்த வயர் தொங்கும். 'பச்சைக் கொழுந்து' என்ற விளையாட்டுப் பேரை வைத்தவள் அவள். பார்க்க வந்தவர்கள் கேட்டதெல்லாம் அவன் குரல். "ஜீவன் அண்ணே, என்னா அடி!" என்று முதல் ஆள் எழுதியபோது அவன் சிரித்துவிட்டு, "நன்றி தம்பி" என்றான். அவ்வளவுதான் நடந்தது. பொய் என்று ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு திருத்தவும் இல்லை.

விஜயலெட்சுமிக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. அவள் பிறந்த லயத்தில் கொழுந்தெடுத்தது அம்மா கருப்பம்மா, சம்பள நாளில் கைநீட்டி வாங்கியது அப்பா தம்பையா. அதை யாரும் அநியாயம் என்று பேசிக் கேட்டதில்லை. அம்மா கூட அது சம்பளம் வாங்கும் முறை என்றுதான் நினைத்தாள். அப்படியிருக்க ஒரு பேர் எவன் வாயில் போனால் என்ன?

ஆனால் இந்த முறை அந்தப் பேர் போய்ப் பரிசுக் கிண்ணத்தில் பொறிக்கப்படப் போகிறது. ஊவாக் கிண்ணம் என்று நௌபரும் அவன் தங்கை பஹ்மாவும் தொடங்கியிருக்கும் போட்டி. போன வருஷம் ஒருத்தன் ஆள்மாறாட்டம் செய்து கிண்ணத்தைக் கொண்டுபோன பிறகு புது விதி போட்டிருந்தார்கள். இறுதிப் போட்டி வரைக்கும் விளையாட்டுப் பேரில் ஆடலாம். இறுதியில் மட்டும் ஸ்ட்ரீமில் கெமரா வேண்டும், முகமும் இரண்டு கையும் தெரிய வேண்டும். சோதனையில் யாருடைய முகம் நின்று பேர் சொல்கிறதோ அவர்தான் ஆட்டக்காரர். அந்தப் பேர்தான் கிண்ணத்தில் ஏறும். அதற்குப் பிறகு மாற்றம் கிடையாது.

விதியைப் படித்த அன்று ஜீவன் ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு திட்டத்தோடு வந்தான். கெமராவுக்கு முன்னால் தான் உட்காருவது, கையில் உபரிக் கன்ட்ரோலர். விஜயலெட்சுமி கெமராவுக்கு எட்டாத பக்கத்தில் உட்கார்ந்து நிஜக் கன்ட்ரோலரில் ஆடுவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திட்டம்.

"நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதானே விஜி? உன் பேரு போட்டா என்ன, என் பேரு போட்டா என்ன?" என்று கேட்டான்.

"அப்ப என் பேரையே போடலாமே," என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உங்க இஷ்டம்," என்றாள். அந்த இரண்டு சொல்லைத்தான் இப்போது அவள் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வந்த கெமராவோடு அவன் திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. மலையிலிருந்து பனி இறங்கி இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து நின்றது. பெட்டியைப் பிரித்த வேகத்தில் கெமராவை எக்ஸ்பொக்ஸிலிருந்து வந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றில் செருகினான். ஒரே துவாரத்தை நாலாக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் ஏற்கெனவே போன் சார்ஜும், குட்டி விசிறியும் தொங்கிக்கொண்டிருந்தன. கெமராவின் சிவப்புப் பொட்டு எரிந்தது. ஜீவன் கைதட்டினான். பொட்டு அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

"இதுவும் போச்சா?" என்று தலையில் கை வைத்தான்.

"அதுக்குக் கரண்டு பத்தல," என்றாள் விஜயலெட்சுமி. "விசிறியும் போனும் குடிச்சிருது. அந்தப் பெட்டிய விட்டுட்டு நேரா எக்ஸ்பொக்ஸ்லயே குத்துங்க."

குத்தினான். பொட்டு எரிந்து, எரிந்தபடியே நின்றது. திரையில் கெமரா என்ற சொல் ஒளிர்ந்தது. ஆனால் சாண் ஏறினால் முழம் சறுக்குகிற நாள் அது. பெட்டி இல்லாமல் வயர் நீளம் குறைந்துவிட்டது. ஜீவன் நினைத்தபடி அலுமாரி மேல் வைத்துத் தன்னைத் தூரத்திலிருந்து காட்ட முடியாது. எக்ஸ்பொக்ஸ் ஷோகேஸின் கீழ்த்தட்டில் இருந்தது. வயர் வந்து நின்ற இடம் சரியாக இரண்டு பேரும் உட்காரும் இடத்துக்கு நடுவில்.

"டீவி மேலயே வச்சிருவமா?"

"டீவி மேல வச்சா முகம் தெரியும், கை முழங்காலுக்குக் கீழ போயிரும்," என்றாள். "ஸ்ட்ரீம் மூலையில வர்ற படம் தீப்பெட்டி அளவுதானே. தூர வச்சா ஒண்ணுமே தெரியாது. கிட்ட வச்சு, பக்கத்துல இருந்து சாய்ச்சுப் பிடிக்கணும். அப்பத்தான் முகமும் கையும் ஒண்ணா வரும்."

அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்தாள். அதன்மேல் ஒரு பால்மா டின், டின்மேல் கெமரா. கண் மட்டத்துக்குச் சற்று மேலே நின்று, கொஞ்சம் கீழே குனிந்து பார்த்தது அது. ஜீவன் ஸ்டூலுக்கு இடப்புறம், அவள் வலப்புறம். கையை நீட்டினால் கெமரா எட்டும். தன்னை மறைக்கும் வேலையைத் தானே இத்தனை நேர்த்தியாகச் செய்துகொண்டிருப்பதை நினைத்து அவளுக்கு எரிச்சல் வந்தது. வேலை என்று கையில் வந்தால் அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது, அது அவள் சாபம்.

ஸ்ட்ரீமைத் தொடங்கி, ஜீவனின் போனில் அதைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். காம்பராவில் நடப்பது போனுக்குப் போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவன் கையைத் தூக்கி இறக்கி முடித்த பிறகுதான் போனில் இருந்த ஜீவன் கையைத் தூக்கினான். கெமராப் படத்தை எந்த மூலையில் போடுவது என்று ஒரு சண்டை. மேலே போட்டால் ஆளின் மிச்ச உயிரைக் காட்டும் கோடு மறைந்தது. கீழே வலது பக்கம் எதிராளியின் சக்திக்கோடு. கடைசியில் கீழே இடது பக்கம் போட்டார்கள். அங்கேயும் அவளுடைய சக்திக்கோடுதான் மறைந்தது, ஆனால் அது பார்ப்பவர்களுக்கு மட்டும்தான். அவளுக்கு முன்னால் இருந்த டீவியில் படம் ஒன்றும் விழவில்லை.

அடுத்தது வெளிச்சம். போனில் தெரிந்த ஜீவனுக்கு முகமே இல்லை. கரிக்கட்டை மாதிரி ஓர் உருவம், பின்னால் பளீரென்று ஜன்னல். பனிக்குள்ளேயும் அந்தச் சின்ன ஜன்னல் கெமராவின் கண்ணைக் கூசச் செய்தது. விஜயலெட்சுமி மலைக்கு இடுப்பில் கட்டிப்போகும் படங்குத் துணியை எடுத்து ஜன்னலை மூடினாள். காம்பரா இருண்டது. மேலே இருந்த பல்பைப் போட்டான் ஜீவன். முகம் வந்தது, கூடவே படம் முழுக்கக் கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழே ஊர்ந்தன.

"இது என்ன புதுப் பேய்!"

நௌபருக்குப் போன் போட்டான். "மலிவு பல்பு மச்சான்," என்றான் நௌபர். "நம்ம கரண்டு செக்கனுக்கு நூறு தரம் அடங்கி எழும்பிட்டே இருக்கும், பல்பும் கூடவே துடிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். அந்தக் கெமராவ மற்ற நாட்டுக் கரண்டுக்கு ஒப்ப வச்சிருக்கு. கம்ப்யூட்டர்ல குத்தினா மாத்தலாம், கொன்சோல்ல ஏலாது. பெற்றியில எரியுற வெளிச்சம், டோர்ச் மாதிரி ஏதும் இருக்கா? பெற்றின்னா துடிக்காது."

பெற்றி என்ற சொல்லைக் கேட்டதும் ஜீவன் எழுந்து ஓடினான். இந்த ஒரு இடத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது, வயர் வேலையில் அவன் கெட்டி. த்ரீவீலை இஸ்தோப்பு ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தி, உபரி முன்விளக்கு ஒன்றை அதன் பெற்றியிலிருந்து வயர் இழுத்து உள்ளே கொண்டுவந்தான். சூடு பிடிக்காத தூரத்தில், கம்பி வளையம் ஒன்றில் பேக்கரிக் கடதாசியை விரித்து அதற்கு முன்னால் கட்டினான். கடுவெளிச்சம் பாலாக மாறியது. கோடுகள் போயின. போனில் ஜீவன் கலியாண வீட்டுப் போட்டோவில் இருப்பது போல இருந்தான்.

அவனுக்குப் பின்னால் சுவரில், தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் நிழலும் இருந்தது.

இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்தார்கள். விஜயலெட்சுமி கையை அசைத்தாள். கொஞ்சம் பொறுத்து நிழலும் அசைத்தது.

"நீ கொஞ்சம் பின்னால போ," என்றான். போனாள். நிழல் பெரிதானது. விளக்கைத் திருப்பினான், ஸ்டூலைத் தள்ளினான். கடைசியில் விளக்கைத் தன் பக்கத்துச் சுவர் ஆணியில் கட்டி, அவள் பக்கத்தை ஒரு போர்வையால் மறைத்தான். நிழல் இல்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது வெளிச்சமும் இல்லை. தன் கையில் இருக்கும் கன்ட்ரோலரே அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

"உனக்குத்தான் கையப் பார்க்க வேணாமே," என்று சமாதானம் சொன்னான் ஜீவன். "இருட்டுலயும் அடிப்ப நீ."

மற்ற நாளாக இருந்தால் அதை அவள் பாராட்டாக எடுத்திருப்பாள். அன்றைக்கு அது சுருக்கென்று குத்தியது. ஹெட்செட் வயரை அவன் சட்டைக் கொலருக்குள் விட்டு, முதுகு வழியாக இறக்கி, பாய்க்கு அடியில் ஓட்டித் தன் கன்ட்ரோலரில் செருகினாள்.

ஜீவனின் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டான். பஹ்மா.

"ஜீவன் அண்ணா, சோதனைக்கு ரெடியா? ஸ்ட்ரீம நான் பார்த்துட்டு இருக்கேன். படம் நல்லா இருக்கு, மாஷா அல்லாஹ். லுணுகலையில ஸ்டூடியோவே வச்சிருக்கீங்க போல."

"ஏதோ நம்மளால ஆனது," என்று இளித்தான் ஜீவன். இன்னொரு போன் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரீமைக் காட்டிக்கொண்டிருந்தது. அது விஜயலெட்சுமியுடைய போன்.

"கைய கொஞ்சம் தூக்குங்க. ஆ, ரெண்டும் தெரியுது. கன்ட்ரோலர் லைட்டு எரியுதா?"

எரிந்தது. அதற்காகவே உபரிக் கன்ட்ரோலரையும் பெட்டியோடு இணைத்து வைத்திருந்தான். அதில் என்ன அழுத்தினாலும் அவளுடைய ஆள் அசையாது.

"சரி. பயிற்சி அறைக்குப் போங்க. நான் சொல்றத செய்ங்க. மூணு தரம் குதிங்க."

விஜயலெட்சுமி குதிக்கவைத்தாள். ஜீவனின் கட்டைவிரல் அதே நேரத்தில் அசைந்தது. எத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், எந்த அடிக்கு எந்த விரல் என்று அவனுக்கு மனப்பாடம்.

"பின்னால போய், பாய்ந்து ஒரு உதை."

உதைத்தாள். அவனும் உதைத்தான்.

"இப்ப உங்க பேர்போன அடி. அந்த ஏழு அடி."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். ஒன்றும் பிசகவில்லை. போனுக்குள் சற்றுத் தாமதமாக ஜீவனின் விரல்கள் பட்டன்களின் மேல் பறந்தன. யார் பார்த்தாலும் அவன்தான் ஆடுகிறான் என்பார்கள். அவளே ஒரு கணம் அப்படித்தான் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. இது பிடிபடும் என்று உள்ளுக்குள் நம்பியிருந்திருக்கிறாள். பஹ்மா கண்டுபிடிப்பாள், ஏதாவது தடுக்கும், தான் வாய் திறக்காமலே எல்லாம் வெளியே வந்துவிடும் என்று. ஒன்றும் வராது. அத்தனை நன்றாக அவள் கெமராவை வைத்திருந்தாள்.

"அல்லாஹ்!" என்றாள் பஹ்மா. "அது எப்படி அண்ணா? கன்ட்ரோலர நீங்க பார்க்கவே இல்லையே. எங்க பழகினீங்க?"

ஜீவன் 'சும்மா பழக்கம்தான்' என்று சொல்லிவிட்டுப் பேரைச் சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பேச வாய்ப்பு வந்து ஜீவன் விட்டதாகச் சரித்திரம் இல்லை. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அவன் ஹெட்செட்டைச் சரிசெய்தான். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

"அது வந்து தங்கச்சி, மலையில பழகினது. கொழுந்தப் பார்த்துக் கிள்ளக் கூடாது. கைதான் கிள்ளணும். கண்ணு அடுத்த கொப்புக்குப் போயிரணும். சின்ன வயசுல அம்மா கூட மலைக்குப் போய்..."

ஜீவன் தன் வாழ்நாளில் ஒரு கொழுந்து கிள்ளியவன் இல்லை. அவன் அம்மா டவுனில் இடியப்பம் விற்றவள்.

விஜயலெட்சுமி பேரைக் கொடுத்தாள், குரலுக்குச் சம்மதித்தாள், இருட்டில் உட்காரவும் உட்கார்ந்தாள். ஆனால் அது அவள் அம்மா. அட்டை கடித்த காலோடு ஏறி நின்று, மகளின் கையைத் தன் கைக்குள் வைத்து, "பார்க்காத, பார்க்காத, கைக்குத் தெரியும்" என்று சொன்ன கருப்பம்மா. சம்பளத்தைத்தான் அவள் ஒருநாளும் தன் கையால் வாங்கவில்லை. சொன்ன சொல்லையுமா இன்னொருத்தன் வாங்கிக்கொண்டு போவது?

விஜயலெட்சுமி கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். கையை நீட்டினாள். பால்மா டின்மேல் இருந்த கெமராவைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். நகர்ந்தது ஒரு சாண் கூட இல்லை.

ஜீவன் அதைப் பார்த்துவிட்டான். பேச்சு பாதியில் நின்றது. ஆனால் போனில் இருந்த ஜீவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அம்மா கூட மலைக்குப் போய், என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான். நடந்தது அங்கே இன்னும் நடக்கவில்லை.

அந்தச் சிறு இடைவெளிக்குள் அவன் கை எக்ஸ்பொக்ஸ் பக்கம் போயிற்று. வயரைப் பிடுங்கினால் போதும். படம் அறுந்தது, மலைநாட்டு நெட், கொஞ்சம் பொறுங்க தங்கச்சி என்று சொன்னால் நம்புவார்கள். கெமராவை மறுபடி திருப்பிக்கொள்ளலாம். அவன் விரல்கள் வயரைப் பிடித்தே விட்டன.

அவள் தடுக்கவில்லை. அவனையே பார்த்தாள். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "பிடுங்குங்க," என்றாள் மெல்ல. "பிடுங்கினா நான் ஆட மாட்டேன். இன்னைக்கு இல்ல, என்னைக்கும்."

போனில் சிரித்த முகம் பேச்சை நிறுத்தியது. படம் ஆடியது. பிறகு இருட்டு.

"ஜீவன் அண்ணா?" பஹ்மாவின் குரல். "கெமரா விழுந்துட்டுதா? யாரோ இருக்கிற மாதிரி இருக்கு, ஒண்ணும் தெரியலயே."

கெமரா இருட்டுக்குள் எதையோ தேடுவது போல, போனில் படம் புள்ளி புள்ளியாக நொறுங்கி மெல்ல வெளுத்தது. ஓர் ஆளின் விளிம்பு தெரிந்தது. ஒரு மூக்குத்தி மட்டும் மினுங்கியது. முகம் இல்லை.

"வெளிச்சம் போதாது," என்றாள் பஹ்மா. "முகம் தெரியாட்டி நான் சோதனைய முடிக்க ஏலாது. நேரமும் ஆவுது. யார் அது? ஜீவன் அண்ணா, நீங்க இருக்கீங்களா?"

விளக்கு அவன் பக்கத்துச் சுவரில் இருந்தது, நடுவில் போர்வை தொங்கியது. எழுந்து போய் அதை அவிழ்க்க அவளால் முடியும். ஆனால் எழுந்தால் கெமராவுக்கு முன்னால் ஆள் இல்லை. இங்கே அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், மிச்சம் அவன் கையில் இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. கலியாணம் கட்டின நாளிலிருந்து இப்படிப் பயந்ததில்லை.

ஜீவன் வயரை விட்டான்.

வயரை விட்ட கை போர்வையை இழுத்து எறிந்தது. ஆணியில் முடிச்சுப்போட்ட விளக்கை அவிழ்க்கப் பார்த்தான், அவிழவில்லை. கட்டைப் பல்லால் கடித்து அறுத்தான். பேக்கரிக் கடதாசியோடு அதை இரண்டு கையாலும் தூக்கிப்பிடித்துக்கொண்டு வந்து, அவளுக்கு முன்னால், கெமராவுக்கு ஒரு பக்கமாக, முழங்கால் போட்டு நின்றான். நிழல் விழாத இடம் எது என்று அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். தலையில் இருந்த ஹெட்செட்டின் வயர் இழுபட்டுச் சட்டைக்குள்ளிருந்து உருவி வந்து தொங்கியது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

போனில் ஒரு முகம் எழும்பி வந்தது. முதலில் மஞ்சளாக, பிறகு சொந்த நிறத்தில். இழுத்து முடிந்த தலை, மூக்குத்தி, வேர்த்த நெற்றி. மடியில் கன்ட்ரோலர். அதைப் பிடித்த விரல்களில் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கறுப்பாய் ஊறிப்போன கொழுந்துக் கறை. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை அது. தன் விரலைத் திரையில் பார்ப்பது விஜயலெட்சுமிக்கு அதுவே முதல் தடவை.

"அந்த ஏழு அடிய இன்னொரு தரம் அடிக்கிறேன் தங்கச்சி, பாருங்க," என்றாள் போனை நோக்கி. அடித்தாள். இந்த முறை கெமராவும் விரலும் விளையாட்டும் ஒன்றையே சொல்லின.

ஸ்ட்ரீமில் எழுத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. அடேய் என்றும், யாரிது என்றும், ஏமாத்திட்டானே என்றும், அக்கா என்றும். எல்லாவற்றையும் விஜயலெட்சுமி படிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் நீங்களா ஆடினது?" என்று கேட்டாள் பஹ்மா.

"ஆமாங்க."

"நான் முதல்லயே கேட்டிருக்கணும்," என்று பெருமூச்சு விட்டாள் பஹ்மா. பிறகு குரலை நிமிர்த்திக்கொண்டாள். "விதி விதிதான். இதுவரைக்கும் விளையாட்டுப் பேர்தான் இருந்திச்சு, ஆள் பேர் இல்ல. சோதனையில நிக்கிற முகம் யாரோ அவங்க ஆட்டக்காரர். பேரைச் சொல்லுங்க."

"தம்பையா கருப்பம்மா மகள் விஜயலெட்சுமி."

"எழுதிட்டேன். இனி மாற்ற ஏலாது." எழுத்துப் பலகை தட்டும் சத்தம் கேட்டது. "ஒண்ணு கேக்கணும். படத்துக்கு ஓரத்துல ரெண்டு கை தெரியுது. லைட்டு பிடிச்சிருக்கிறது யாரு?"

விஜயலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் விளக்குக்குப் பின்னால் இருட்டில் இருந்தது. கை மட்டும்தான் வெளிச்சத்தில்.

"அவர் ஜீவன்," என்றாள். புருஷன் பேரைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, வாய் ஒரு மாதிரிக் கூசியது. "என் வீட்டுக்காரர். பேசுறது அவருங்க."

ஹெட்செட் இன்னும் ஜீவன் தலையில்தான் இருந்தது, வயர் இன்னும் அவள் கையில்தான் முடிந்தது. எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவன் போனைப் பார்க்கவில்லை.

"வணக்கம் மக்களே," என்றான். குரல் பிசிறியது. மறுபடி தொடங்கினான். "வணக்கம். இப்ப விஜயலெட்சுமி ஆடப் போறாங்க."

நாலு மணி ஆட்டம் தொடங்கியது. விளக்கை மாட்ட அந்தப் பக்கத்துச் சுவரில் ஆணி இல்லை. முதல் சுற்று முடியும் வரைக்கும் அவன் கை இறங்கவில்லை.